நாலு செகண்ட் தானே? உள்ளூர் விளம்பரத்துக்குள் வரும் சினிமா

இந்த எபிசோடு ஒரு வாட்ஸ்அப் வீடியோவில் ஆரம்பிக்கிறது. மதுரையில் என் சித்தப்பா ஒரு பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். ரெண்டாவது கிளை திறக்கப் போகிறார். அதுக்காக ஒரு முப்பது செகண்ட் விளம்பரம் எடுத்து, லோக்கல் கேபிளில் ஒரு வாரம் ஓட்டவும் இன்ஸ்டாகிராமில் பூஸ்ட் பண்ணவும் பணம் கட்டிவிட்டார். முந்தின நாள் ராத்திரி எனக்கு அனுப்பி, "டேய், எப்படி இருக்கு பாரு"ன்னு கேட்டார்.

பார்த்தேன். முதல் நாலு செகண்ட் ஒரு பெரிய படத்தின் சண்டைக் காட்சி, ஹீரோ திரும்பிப் பார்க்கிறார். அடுத்த பதினாறு செகண்ட் எல்லாருக்கும் தெரிந்த ஒரு குத்துப்பாட்டின் மெட்டு, வரிகள் மட்டும் பிரியாணி பற்றி மாற்றிப் பாடியது. கடைசிப் பத்து செகண்ட், கூலிங் கிளாஸை ஒரு ஸ்டைலில் மாட்டிக்கொண்டு ஒருத்தர் நடந்து வருகிறார். யாரை மாதிரி நடக்கிறார் என்று நான் சொல்லவே வேண்டாம், தமிழ்நாட்டில் நாலு வயசுக் குழந்தைக்கும் தெரியும்.

"சித்தப்பா, இதை நாளைக்குப் போடாதீங்க" என்றேன். "ஏன்டா? நாலு செகண்ட் தானே? பாட்டு நம்ம வரி. அந்த ஆளு நம்ம ஊரு மேடைக் கலைஞர், சம்பளம் கொடுத்துத்தான் கூட்டிட்டு வந்தோம்."

இந்த மூணு பதிலும் கடைக்காரர்கள் அடிக்கடி சொல்வது. மூணும் தப்பு. ஆனால் மூணும் வேற வேற காரணத்தால் தப்பு. இன்றைக்கு அந்த முப்பது செகண்டை மூணாக வெட்டி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் நாலு செகண்ட்: படக்காட்சி

"ஏழு செகண்டுக்குக் கீழே இருந்தா பிரச்சினை இல்ல", "முப்பது செகண்ட் வரைக்கும் ஃப்ரீ" என்று எடிட்டர்கள் சொல்லிக் கேட்டிருப்பீங்க. நம்ம ஊர் காப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. அதில் செகண்ட் கணக்கு எதுவும் கிடையாது. அனுமதி இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் விட்டுவைத்திருக்கும் இடங்கள் 52-ஆம் பிரிவில் இருக்கின்றன. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி, வகுப்பறை என்று அந்தப் பட்டியல் போகும். படத்தை விமர்சிக்கும் யூடியூபர் ஒரு காட்சியைக் காட்டி "இங்கதான் திரைக்கதை சறுக்குது" என்றால், அவருக்கு நிற்க ஒரு இடம் இருக்கிறது. பிரியாணி விற்கக் காட்டினால் அந்த இடம் இல்லை.

மிகச் சிறிய அளவு என்பதற்கு நீதிமன்றம் மதிப்பே கொடுக்காதா? சில நேரம் கொடுத்திருக்கிறது. ஒரு டிவி உரையாடல் நிகழ்ச்சியில் ஒரு பாடகி தான் பாடிய பாடல்களிலிருந்து சில வரிகளைப் பாடிக் காட்டிய வழக்கில், இவ்வளவு அற்பமான விஷயத்தில் சட்டம் தலையிடத் தேவையில்லை என்ற கொள்கையை 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இது நீங்கள் வழக்கில் சிக்கி, வக்கீல் வைத்து, வாதாடிப் பெறும் விடுதலை. முன்கூட்டியே கையில் இருக்கும் அனுமதிச் சீட்டு இல்லை. ஒரு பிரியாணிக் கடைக்கு வழக்கில் ஜெயிப்பதை விட வழக்கே வராமல் இருப்பதுதான் லாபம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வீடியோவாகப் போட்டால்தான் தப்பு, ஸ்க்ரீன்ஷாட் போட்டால் பரவாயில்லை என்று நினைக்கிறோம். சட்டத்தின் 14-ஆம் பிரிவு, படத்தில் இருக்கும் ஒரு பிம்பத்தைப் புகைப்படமாக எடுப்பதையும் படத்தைப் பிரதி எடுப்பதாகவே சொல்கிறது. அதனால் ஒரு காமெடியன் முகத்தோடு இருக்கும் மீம் டெம்ப்ளேட்டில் "ஆடி ஆஃபர் 50%" என்று எழுதி ஜவுளிக்கடை பேஜில் போட்டால், படத்தின் உரிமையாளருக்கும் அந்தக் காமெடியனுக்கும் தனித்தனியாகக் கேள்வி கேட்க உரிமை இருக்கிறது. நண்பர்கள் குரூப்பில் போடும் மீமும் கடை பேஜில் போடும் மீமும் பார்க்க ஒன்றாக இருக்கலாம். இரண்டாவதில் ஒரு பொருள் விற்கிறது, வித்தியாசம் அங்கேதான்.

நடுப் பதினாறு செகண்ட்: மெட்டு அவங்களது, வரி நம்மது

இதுதான் உள்ளூர் விளம்பரங்களில் ரொம்பப் பழைய டெக்னிக். ஆட்டோவில் மைக் கட்டி ஓட்டிய காலத்திலிருந்தே இருக்கிறது. "ஒரிஜினல் ஆடியோவை நாங்க தொடவே இல்ல, எங்க ஆளு பாடினது" என்பார்கள்.

என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது சீக்கிரம் புரியும். ஒரு ஆப் ஒரே பொருள் மாதிரி தெரியும், உள்ளே போனால் பத்து லைப்ரரி இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி லைசென்ஸ். பாட்டும் அப்படித்தான். வரிகள் இலக்கியப் படைப்பு, அது பாடலாசிரியரிடம் தொடங்குகிறது. மெட்டு இசைப் படைப்பு, அது இசையமைப்பாளரிடம் தொடங்குகிறது. நாம் காதில் கேட்கும் அந்தப் பதிவு தனியாக ஒலிப்பதிவு என்ற பொருள், அது பெரும்பாலும் ஆடியோ கம்பெனியிடம் இருக்கும். பாடியவருக்குக் கலைஞர் உரிமை என்று தனியாக ஒன்று உண்டு. இவற்றில் எது இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை அந்தந்தப் படத்தின் ஒப்பந்தங்கள்தான் தீர்மானிக்கும்.

சித்தப்பாவின் விளம்பரத்தை இதில் வைத்துப் பாருங்கள். ஒலிப்பதிவைத் தொடவில்லை, சரி. வரிகளை மாற்றிவிட்டார், சரி. ஆனால் மெட்டு அப்படியே இருக்கிறது. அது இருப்பதால்தான் அந்த விளம்பரம் வேலை செய்கிறது! நாலு அடுக்கில் ரெண்டு மூணைத் தாண்டிவிட்டாலும் மிச்சமிருக்கும் ஒன்று போதும், நோட்டீஸ் வர.

இதை நேர்மாறாகத் திருப்பியும் பார்க்கலாம். "பாரதியார் பாட்டு தானே, யார் கேட்கப் போறா?" என்று ஒரு நகைக்கடை நினைக்கலாம். பாரதியார் 1921-இல் காலமானார். அவர் வரிகள் இன்றைக்கு எல்லாருக்கும் சொந்தம், விளம்பரத்திலும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த வரிகளுக்கு ஒரு சினிமா இசையமைப்பாளர் போட்ட மெட்டு எல்லாருக்கும் சொந்தமில்லை, படத்தில் வந்த அந்த ஒலிப்பதிவும் இல்லை. வரியை எடுத்து உங்கள் ஊர் இசைக்கலைஞரிடம் புது மெட்டு போடச் சொன்னால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ரொம்பப் பழைய பாட்டு என்றாலும் இதே சிக்கல்தான். படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பாபநாசம் சிவன் 1973-இல் காலமானார். அவர் 1940-களில் ஒரு படத்துக்குப் பாட்டு எழுதியிருந்தால், படத்தின் காலம் எப்பவோ முடிந்துவிட்டது. அவர் எழுதிய வரிகளின் காலம் 2033 முடிவு வரை ஓடும். "கருப்பு வெள்ளைப் படம், எல்லாம் ஃப்ரீ" என்பது அரைக் கணக்கு.

இன்ஸ்டாவில் ஒரு குழப்பம் கூடுதலாக இருக்கிறது. "ஆப்லயே பாட்டு இருக்கே, நான் அதைத்தானே செலக்ட் பண்ணேன்?" ஆப்பில் இருக்கும் சினிமாப் பாட்டுகளுக்கு மெட்டா கம்பெனி வாங்கி வைத்திருக்கும் அனுமதி, நீங்களும் நானும் நம்ம பிறந்தநாள் ரீலுக்குப் போடுவதற்கு. வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்களுடைய இசை விதிமுறையே சொல்கிறது. அதனால்தான் பிசினஸ் அக்கவுண்டில் டிரெண்டிங் பாட்டு பல காட்டாது. உடனே சில கடைகள் அக்கவுண்டை பர்சனலாக மாற்றிக்கொண்டு அதே பாட்டைப் போடுகிறார்கள். பூட்டின கதவுக்குப் பக்கத்தில் ஜன்னல் வழியா ஏறிக் குதிக்கிற மாதிரி இது. பேஜில் கடை முகவரியும் விலைப்பட்டியலும் இருக்கும்போது அதைத் தனிப்பட்ட பயன்பாடு என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

கடைக்குள் பாட்டு போட சிலர் ஆண்டுக் கட்டணம் கட்டி லைசென்ஸ் வைத்திருப்பார்கள். அது கடைக்குள் ஒலிக்க மட்டும். காட்சியோடு பாட்டைச் சேர்த்து விளம்பரமாக்க வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும். இசைத் துறையில் அதை சிங்க் லைசென்ஸ் என்பார்கள்.

கடைசிப் பத்து செகண்ட்: அவர் மாதிரி ஒருத்தர்

இங்கே காப்புரிமைச் சட்டம் பெரிதாக உதவாது, ஏனென்றால் ஒருவருடைய முகத்துக்கோ நடைக்கோ காப்புரிமை கிடையாது. "அப்போ சரிதானே?" என்றார் சித்தப்பா. இல்லை.

1994-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. சட்டம் படித்தவர்கள் ராஜகோபால் வழக்கு என்பார்கள், நம்ம ஊரில் ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்கு என்றால் தெரியும். சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கையை நக்கீரன் வெளியிடலாமா என்பதுதான் கேள்வி. அந்தத் தீர்ப்பில் அந்தரங்க உரிமையை விளக்கும்போது நீதிமன்றம் ஒரு உதாரணம் சொன்னது: ஒருவர் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்த உரிமையை மீறுவது. பின்னால் வந்த பிரபலங்களின் வழக்குகள் பலவும் இந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன. இந்தியாவில் இதுக்கென்று தனிச் சட்டம் இல்லை, நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த உரிமை இது.

2014-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ரஜினிகாந்த் போனார். 'மே ஹூன் ரஜினிகாந்த்' என்று ஒரு இந்திப் படம் வரவிருந்தது. அவர் பெயர், உருவம், ஸ்டைல் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று கேட்டார், தடை கிடைத்தது. அந்தத் தீர்ப்பில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மக்கள் ஏமாந்து "இது நிஜமாவே அவர்தான்" என்று நம்பினார்கள் என்று நிரூபிக்கத் தேவையில்லை. யாரைக் குறிக்கிறது என்று அடையாளம் தெரிந்தாலே போதும். பிறகு 2023-லும் தன் பெயர், படம், குரல், கேலிச்சித்திரம் எதையும் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வக்கீல் மூலம் பொது அறிவிப்பு கொடுத்தார்.

இதை வைத்து சித்தப்பாவின் வாதத்தைப் பாருங்கள். "பாக்கிறவனுக்கு இது டூப்புன்னு நல்லாவே தெரியும்டா." தெரியட்டும். யாருக்கு டூப் என்றும் தெரிகிறதே! விளம்பரம் அதை நம்பித்தானே எடுத்திருக்கிறது.

நட்சத்திரம் மட்டும்தான் வழக்குப் போடுவார் என்றும் நினைக்க வேண்டாம். அமிதாப் பச்சனும் ஜெயா பச்சனும் தனிஷ்க் நகை விளம்பரத்தில் நடித்திருந்தார்கள். உத்தரப் பிரதேசம் முசாஃபர்நகரில் ஒரு நகைக்கடை அதே படத்தை வைத்துத் தன் கடைக்கு ஹோர்டிங் வைத்தது. வழக்குப் போட்டது அந்த நட்சத்திரங்களுக்குப் பணம் கொடுத்த டைட்டன் நிறுவனம். 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றம் டைட்டன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர்கள் கோடி கொடுத்து வாங்கிய முகத்தை நீங்கள் சும்மா எடுத்தால், நஷ்டம் அவர்களுக்கும்தான்.

அப்போ அந்த மேடைக் கலைஞர்? அவர் முகம் அவருடையது. அவர் சட்டை போட்டுக்கொண்டு சாதாரணமாக வந்து பிரியாணி சாப்பிட்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. சிக்கல் கூட்டுத்தொகையில் இருக்கிறது. கூலிங் கிளாஸ், நடை, பின்னணி இசை, பஞ்ச் டயலாக் சாயலில் ஒரு வரி எல்லாம் சேரும்போது ஒரே ஒரு ஆளைச் சுட்டுகிறது. மேடையில் மிமிக்ரியாகச் செய்தால் அது நகைச்சுவை. அதையே ஒரு கடைப் பெயருக்கு மேலே வைத்தால் அவர் சிபாரிசு செய்கிற தோற்றம் வருகிறது. டூப் என்று எழுதி டிஸ்கிளெய்மர் போட்டாலும் அடையாளம் மறையாது, யாரைக் குறிக்கிறது என்பதை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரிதான் ஆகும்.

இதுக்கு நான் வைத்திருக்கும் சோதனை ரொம்ப எளிது. எடிட்டருக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜைத் திரும்பப் படியுங்கள். "அவர் மாதிரி ஒரு ஆளு வேணும்", "அந்தப் பாட்டு ஃபீல் வேணும்" என்று ஒரு பெயர் எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் உங்கள் நோக்கத்துக்கு நீங்களே சாட்சி.

வந்தால் என்ன வரும்?

சித்தப்பா கேட்டார்: "நம்மள மாதிரி சின்னக் கடையை எவன்டா பாக்கப் போறான்?" அவர் கடைக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு கடைக்கு ஒரு ரீலுக்காக நோட்டீஸ் வந்ததை ஞாபகப்படுத்தினேன். இணையத்தில் பாட்டைக் கண்டுபிடிப்பது ஆள் வைத்துச் செய்யும் வேலை இல்லை. ஆடியோவை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள்தான் செய்கிறது, அதுக்குச் சின்னக் கடை பெரிய கடை தெரியாது.

பெரும்பாலும் முதலில் ரீல் மியூட் ஆகும் அல்லது நீக்கப்படும். திரும்பத் திரும்ப நடந்தால் பேஜே போகும். தீபாவளிக்கு முந்தின வாரம் அது நடந்தால் கடைக்கு என்ன நஷ்டம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்தது நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ், அதுக்கப்புறம் உரிமையியல் வழக்கு, தடை உத்தரவு. தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவின்படி குற்ற வழக்கும் போடலாம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. இது ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வியாபார லாபத்துக்காகச் செய்யாதவருக்குத் தண்டனையைக் குறைக்க அதே பிரிவில் வழி இருக்கிறது. விளம்பரம் கொடுத்தவர் அந்த வழியில் போக முடியாது.

"எடிட்டர்தான் போட்டான், எனக்குத் தெரியாது" என்பதும் கடையைக் காப்பாற்றாது. விளம்பரம் கடை பெயரில்தான் ஓடுகிறது. நோட்டீஸ் வந்தால் அலட்சியம் வேண்டாம், உடனே பணமும் கட்ட வேண்டாம். வீடியோவை எடுத்துவிட்டு, ஒரு பிரதியைப் பத்திரப்படுத்திவிட்டு, அனுப்பியவர் எந்த அடுக்குக்கு உரிமை கோருகிறார், அதுக்கு ஆவணம் இருக்கிறதா என்று ஒரு வக்கீலை வைத்துக் கேளுங்கள்.

நாங்க என்ன பண்ணினோம்

கேபிள்காரரிடம் பேசி நாலு நாள் தள்ளிப்போட்டோம். சண்டைக் காட்சிக்குப் பதில் காலையில் நாலு மணிக்குக் கடையில் விறகடுப்பு பற்றவைப்பதை எடுத்தோம், நாலே செகண்ட். மெட்டுக்கு சித்தப்பாவின் கடைக்குப் பக்கத்தில் கல்யாணக் கச்சேரியில் கீபோர்டு வாசிக்கும் ஒரு தம்பியைப் பிடித்தோம். ஒரு பெயரும் சொல்லாமல் "பறை மாதிரி வேகம், கேட்டதும் பசிக்கணும்" என்று மட்டும் சொன்னோம். மேடைக் கலைஞரை விடவில்லை. கண்ணாடியும் நடையும் இல்லாமல், அவர் சொந்தக் குரலில், சொந்த மதுரைப் பேச்சில் சாப்பிட்டுக்கொண்டே பேச வைத்தோம். ஆள் பிரமாதமாகச் செய்தார்.

கடைசியில் ஒரு பேப்பர் வேலை. இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பணம் கொடுத்து எடுக்க வைத்த விளம்பரப் படம், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, பணம் கொடுத்தவருக்குச் சொந்தம் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தச் சலுகைப் பட்டியலில் இசை இல்லை. அதாவது கீபோர்டு தம்பிக்கு நீங்கள் கூகுள் பேயில் அனுப்பிய பணம் மட்டும் அந்த மெட்டை உங்களுடையதாக ஆக்காது. எழுத்தில், கையெழுத்தோடு உரிமை மாற்றம் வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த ஊர்களுக்கு, எவ்வளவு பணம் என்பதை எழுத வேண்டும். காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டாக எடுத்துக்கொள்ளும், இடம் எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்று எடுத்துக்கொள்ளும். நாங்கள் ஒரு பக்கத்தில் எழுதினோம். நடித்தவரிடமும் அவர் முகத்தையும் குரலையும் எவ்வளவு நாள் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கம் வாங்கினோம். அவரும் ஒரு முகம்தானே, அவருக்கும் அதே உரிமை இருக்கு.

விளம்பரம் ஓடியது. சித்தப்பாவுக்கு ஒரே ஒரு வருத்தம். "அந்தக் கிளாஸ் மாட்டுற சீன் இருந்திருந்தா விசில் பறந்திருக்கும்டா." பறந்திருக்கும் சித்தப்பா. அந்த விசில் அவருக்கு, உங்க பிரியாணிக்கு இல்ல.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.